பரிசுத்தம் என்பதற்கு ஆம்பூர்த் தமிழ்

ஒரு வார்த்தையைச் சொன்னால் எதிரே உட்கார்ந்திருக்கிறவருக்குப் புரிய வேண்டும். புரியவில்லை என்றால் சொன்னவள் மேல்தான் தப்பு, கேட்டவர் மேல் இல்லை. இந்தப் பிடிவாதத்தோடுதான் நான் ஆம்பூரில் வேலை பார்த்தேன். வீடு வீடாகப் போய் வேதபாடம் சொல்லிக் கொடுக்கிற வேலை. மிஷன் கணக்கில் எனக்கு என்னவோ நீளமான பெயர் இருந்தது. தெருவில் எல்லோருக்கும் நான் பைபிளம்மா. கோபக்கார பைபிளம்மா என்றும் சொல்வார்களாம். சொல்லட்டும்.

உலக யுத்தம் என்கிற பெரிய சண்டை முடிந்து, பட்டாளத்துக்குப் போன தோல் சரக்கு குறைந்து, தோல் பதனிடுகிற டேனரிகள் கொஞ்சம் சோர்ந்திருந்த காலம் அது. சாயங்காலம் மணி அடித்து ஆட்கள் திரும்பிய பிறகு, பாலாற்றுப் பக்கம் இருந்த எங்கள் தெருக்களில் பாடம் நடக்கும். ஆண்கள் சுண்ணாம்புக் குழியிலும் பட்டைத் தொட்டியிலும் நின்று வந்தவர்கள். பெண்கள் தோல் பதனிட ஆவாரம்பட்டை இடித்து வந்தவர்கள். அவர்களிடம் போய்க் கிருபை, நீதிமானாக்கப்படுதல், பரிசுத்தமாக்கப்படுதல் என்று அடுக்கினால் மரியாதையாகத் தலையாட்டுவார்கள். அந்தத் தலையாட்டலைப் போல என்னைப் பேஜார் பண்ணுவது வேறொன்றும் இல்லை.

அதனால் எனக்கென்று ஒரு வழி வைத்திருந்தேன். ஒரு சொல்லைப் பேச்சுத் தமிழில் சொல்லிவிட்டு, "இப்ப நீ இதைப் பக்கத்து ஊட்டம்மாவுக்குச் சொல்லு" என்பேன். சொல்லும்போது குறுக்கே பேசாமல் கேட்பேன். என் வாயிலிருந்து போனது எது என்று அவர்கள் வாயிலிருந்து திரும்பி வரும்போதுதான் தெரியும். கிருபைக்குத் தயவு என்று ஒருமுறை சொன்னேன். "மேஸ்திரி தயவுல வேல கெடைக்கிற மாதிரி. தெனம் ஒரு கும்பிடு போட்டுக்கினே இருக்கணும்" என்று திரும்பி வந்தது. அன்றோடு தயவைத் தூக்கிப் போட்டுவிட்டேன். கேட்காதவனுக்கும் கொடுத்து, பதிலுக்கு ஒன்றும் எதிர்பார்க்காத மனசு என்று நீட்டிச் சொல்லத் தொடங்கினேன். நீளமானாலும் பரவாயில்லை, கும்பிடு ஒழிந்தது.

அந்த வருஷம் எங்களுக்குப் புதுப் போதகர் வந்தார். வயதில் சின்னவர், நல்ல மனிதர். பழைய போதகர் பிரசங்கம் செய்தால் பாதிப் பேர் தூங்குவார்கள். இவர் எளிய தமிழில்தான் பேசுவேன் என்று கங்கணம் கட்டிக்கொண்டு வந்தார். எனக்கு அவரை ரொம்பப் பிடித்துப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர், "பரிசுத்தம் என்ற வார்த்தையைக் கண்டு பயப்படாதீர்கள். பரிசுத்தம் என்றால் சுத்தம். அவ்வளவுதான்" என்றார். சபை தலையாட்டியது. எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பிரசங்கத்துக்கு நடுவில் எழுந்து, திரும்பச் சொல்லச் சொல்லுங்கள் ஐயா என்று கேட்க முடியுமா?

இரண்டு நாள் கழித்து, ஞானஸ்நானத்துக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்த ஒரு குடும்பத்துப் பெண் என்னைத் தேடி வந்தாள். புருஷன், பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள். பண்டிகைக்கு முந்தின ஞாயிறு ஐந்து பேருக்கும் ஞானஸ்நானம் என்று பேச்சு. அவள் புருஷன் டேனரியில் சுண்ணாம்புக் குழியிலிருந்து தோலை இழுத்துப்போட்டு மயிர் சுரண்டுகிற ஆள்.

"அவரு வரலயாம்மா" என்றாள். "நீயும் புள்ளைங்களும் போய் வாங்கிக்கோங்க, நான் வெளிய நின்னு பாக்குறேன்னு சொல்றாரு. நான் இன்னா பண்ணுவேன்? அவர உட்டுட்டு நான் மட்டும் எப்படிம்மா உள்ள போவேன்?"

அவள் அழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்று சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவன் வாசலில் ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு கையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நகக்கண்ணெல்லாம் வெந்து வெளுத்திருந்தது.

"இன்னாப்பா, வரமாட்டேன்னியாம்?"

"அம்மா, ஞானஸ்நானம் வாங்கறப்ப சொல்ற அந்த விசுவாசப் பிரமாணத்துல பரிசுத்தவான்களுடைய ஐக்கியம்னு ஒரு வரி வருதே. அத நான் எந்த வாயால சொல்வேன்? ஐயாதான் சொல்லிட்டாரே, சுத்தமானவங்கன்னு. நான் எத்தனை வாட்டி கழுவினாலும் எம்மேல வாசனை போவாது. ரயில்ல என் பக்கத்துல ஒருத்தனும் உக்கார மாட்டான். சாமி மட்டும் உக்காருவாரா?"

கேலி இல்லை, கோபமும் இல்லை. கணக்குப் போட்டு விடை கண்டவன் போலச் சொன்னான். ஊர் முழுக்கத் தலைமுறை தலைமுறையாக அவனுக்கு எதைச் சொல்லிக் கொடுத்ததோ அதையே நாங்களும் கோயிலில் நின்று சொல்லியிருக்கிறோம். இந்த ஆள் வெளியே நிற்கிற ஞானஸ்நானத்துக்கு நான் போகப்போவதில்லை என்று அங்கேயே தீர்மானம் பண்ணிக்கொண்டேன்.

மறுநாள் போதகர் வீட்டுக்குப் போனேன். நான் சொன்னதைக் கேட்டதும் அவர் முகம் கறுத்துப் போயிற்று. "நான் மனசு சுத்தத்தைத்தானே சொன்னேன்?" என்றார்.

"நீங்க சொன்னது மனசு ஐயா. போய்ச் சேர்ந்தது கை."

அவர் சண்டைக்கு வரவில்லை. மேசையில் இருந்த தடித்த புத்தகங்களை இழுத்து வைத்து, மூலபாஷையில் அந்தச் சொல்லின் வேர் என்ன என்று எனக்குப் படித்துச் சொன்னார். கடவுளுக்கென்று பிரித்து வைக்கப்பட்டது என்பதுதான் அடிப்படை. கோயில் பாத்திரமானாலும் சரி, நாளானாலும் சரி, ஜனமானாலும் சரி, அவருக்கென்று ஆனதால்தான் பரிசுத்தம். நல்ல நடத்தை அதற்குப் பின்னால் வருகிறது, முன்னால் இல்லை. "பிரித்து வைத்தவர்கள் என்றே சொல்லிவிடலாமே" என்றார். எனக்கும் அது சரியாகப் பட்டது. நேராக அவன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

"ஆண்டவர் தனியா பிரிச்சு வெச்சவங்கதான் பரிசுத்தவான்கள்" என்றேன். அவன் தன் பெண்டாட்டியிடம் திருப்பிச் சொன்னான்: "நம்மள ஊரே பிரிச்சுத்தான் வெச்சிருக்குது. சாமியும் பிரிச்சுத்தான் வெச்சிருக்காராம்."

அவள் என்னைப் பார்த்தாள். மூலபாஷையில் சரியாக இருந்த அர்த்தம், சேரிக்குள் நுழைந்ததும் தலைகீழாகிவிட்டதே. சரி, தெரிந்தெடுத்தவர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கு அவன், தோல் தரம் பிரிக்கிற இடத்தில் நல்ல தோலைப் பொறுக்கி ஒரு பக்கம் போடுவார்கள், ஓட்டை விழுந்ததை இன்னொரு பக்கம் போடுவார்கள் என்றான். தான் எந்தப் பக்கம் என்று அவன் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அந்தச் சொல்லையும் வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

"உடுங்கம்மா" என்றான். "நீங்க ஏன் கஷ்டப்படுறீங்க?"

"நீ கம்முனு இரு. உடறதா வேண்டாமான்னு நான் பாத்துக்கறேன்."

அந்த வாரம் முழுக்க இதே நினைப்பு. சோறு வடிக்கும்போதும், தெருவில் நடக்கும்போதும் சொல்லைத் தேடினேன். புனிதம் என்றால் அய்யர் வீட்டு மடி ஞாபகம் வரும். தூய்மை என்றால் மறுபடியும் வாளித் தண்ணீர்தான். போதகர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "கிடைத்ததா?" என்பார். இல்லை என்றால், "அவசரப்பட்டு அரைகுறையாகச் சொல்லிவிடாதீர்கள். புரிந்தால் மட்டும் போதாது, சரியாகவும் புரிய வேண்டும்" என்பார். அவர் சொன்னது நியாயம். எளிமையாகச் சொல்லி அர்த்தத்தைத் தொலைப்பதைவிடப் புரியாமலே விட்டுவிடலாம்.

பட்டை இடிக்கிற பெண்களுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பாடம் சொல்ல வாரத்துக்கு ஒருநாள் டேனரிக்குள் என்னை விடுவார்கள். அன்று நான் போனபோது ஆலங்காயம் பக்கத்திலிருந்து வண்டி வந்து பச்சைத் தோல் இறங்கிக்கொண்டிருந்தது. ரத்தமும் உப்பும் ஈயுமாக. இரண்டு பேர் உட்கார்ந்து ஒவ்வொரு தோலின் ஓரத்திலும் கத்தியால் சின்னதாக வெட்டுக்குறி போட்டார்கள். நூறு தடவை பார்த்திருப்பேன், கேட்டதில்லை. அன்று எதற்கு என்று கேட்டேன்.

"நாலஞ்சு யாவாரிங்க சரக்கு ஒரே குழியில போவுதும்மா. யாரோடதுன்னு தெரியணும் இல்ல? மையில எழுதுனா சுண்ணாம்புல போய்டும். வெட்டுனா கடைசி வரைக்கும் நிக்கும்."

"கழுவிட்டுக் குறி போட்டா ஆவாதா?"

அவர்கள் சிரித்துவிட்டார்கள். "கழுவறதே அந்தக் குறிக்காரருக்காகத்தான். குறி இல்லாத தோல எவன் கழுவுவான்?"

பட்டை இடிக்கிற பெண்களுக்கு அன்று என்ன பாடம் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. சாயங்காலம் வரை பொறுக்க முடியாமல் மணி அடித்ததும் அவன் வீட்டு வாசலில் நின்றேன்.

"பச்சைத் தோல் வந்ததும் முதல்ல இன்னா பண்றீங்க?" என்று கேட்டேன்.

"குறி போடறோம்."

"அப்ப அது சுத்தமா இருக்குதா?"

"எங்கம்மா சுத்தம்? நாறும்."

"ஆனா அப்பவே அது யாரோடதுன்னு முடிவாயிடுச்சு இல்ல? பரிசுத்தவான்னா அதாம்ப்பா. ஆண்டவரோட ஆள். சுத்தம் பண்றது அதுக்கப்புறம். அது அவர் வேலை. அவரோடதாயிட்டதனால பண்றாரு. சுத்தமா இருந்ததால எடுத்துக்கல."

அவன் உடனே தலையாட்டவில்லை. அதனாலேயே எனக்கு நம்பிக்கை வந்தது. "முதலாளி குறி போடறது விக்கிறதுக்கும்மா. ஆண்டவர் எதுக்குப் போடறாரு?" என்றான்.

இப்படிக் கேட்பான் என்று நான் நினைக்கவே இல்லை. எந்த உதாரணமும் ஒரு தூரம்தான் வரும். அங்கே இறங்கிவிட வேண்டும், இல்லையென்றால் வேறு ஊருக்குக் கொண்டுபோய்விடும். "அந்த இடத்துல தோல் கதைய உட்டுடு" என்றேன். "ஆண்டவர் விக்கிறதுக்குப் போடல. வெச்சுக்கிறதுக்குப் போடறாரு."

அவன் பெண்டாட்டி அடுப்பங்கரையிலிருந்து எழுந்து வெளியே வந்துவிட்டாள். அவன் அவளிடம் திருப்பிச் சொன்னான். நான் கேட்காமலேதான் சொன்னான். ஒரு சொல்லும் பிசகவில்லை.

ஞானஸ்நானத்துக்கு முன்னால் போதகர் எல்லோரையும் கேள்வி கேட்கிற நாள் வந்தது. நான் என்ன சொல்லிக் கொடுத்தேன் என்பதை அவரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தேன். கேட்டுவிட்டு, கேள்வி நாளில் பார்க்கலாம் என்று போய்விட்டார். அவன் முறை வந்தது. அவனும் குடும்பமும் ஒரு பாயில் உட்கார்ந்திருந்தார்கள்.

"பரிசுத்தவான் என்றால் யார்?"

"ஆண்டவரோட ஆளுங்க, ஐயா."

போதகர் விடவில்லை. "அவருடைய ஆளாகிவிட்டால் போதுமா? குடிக்கலாம், பெண்டாட்டியை அடிக்கலாம், ஆள்தானே என்று இருந்துவிடலாமா?"

லேசில் தப்பிவிடக்கூடிய கேள்வி இல்லை அது. அர்த்தம் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் இங்கே தெரிந்துவிடும்.

"அது எப்படிங்கய்யா? அவரோடதுன்னா அவரு சும்மா போட்டு வெச்சிருக்க மாட்டாரு. சுரண்டுவாரு, கழுவுவாரு. நோவும். ஆனா வெளிய போடமாட்டாரு."

போதகர் என் பக்கம் திரும்பி, வருகிற ஞாயிறு பிரசங்கத்தில், தான் முன்பு சொன்ன சுத்தத்தைத் திருத்திச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். சொன்னபடி சொல்லவும் செய்தார். அதற்காக அவர்மேல் எனக்கிருந்த மரியாதை ஜாஸ்தியாயிற்று. அவன் பக்கம் திரும்பிக் கடைசியாக ஒன்று கேட்டார்.

"சரி. நீ ஆண்டவருடைய ஆள் என்கிறாயே, எப்போதிருந்து? ஞாயிற்றுக்கிழமை வாங்கப்போகிற ஞானஸ்நானத்திலிருந்தா?"

அவன் பெண்டாட்டியையும் பிள்ளைகளையும் ஒருதரம் பார்த்தான்.

"இல்லீங்கய்யா. நான் பச்சையா கெடக்கும்போதே."