மன்னிப்பு வீடியோ வேண்டாம்

இரண்டாயிரத்துப் பதினாறாம் ஆண்டு, மழைக்காலம். உயிரை மாய்த்துக்கொண்ட அவளுடைய தம்பியின் உடல் இன்னும் வீட்டுக்கு வந்து சேரவில்லை. குடையை மடக்கிக்கொண்டு வாசலில் நின்றவன், "அக்கா, நானும் உங்க தம்பி மாதிரிதான்" என்று கண் கலங்கினான். அவனை அவள் பார்த்தது அதுவே முதல் முறை. மாலைக்குள் தம்பியின் முகம் அவனுடைய யூடியூப் சேனலில் ஏறியது: 'வாலிபனின் கோர முடிவு! வெளிவராத ரகசியம்!' அன்று முதல் அவள் அவனை மனத்தில் கறுவிக்கொண்டே இருந்தாள்.

பிறகு அவள் மனநல ஆலோசனை மையம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தாள். விழிப்புணர்வு வீடியோக்களுக்குத் தலைப்பும் விவரக்குறிப்பும் எழுதுவதால் எல்லாரும் அவளை 'விவரக்காரி' என்று அழைத்தார்கள். அவள் ஒப்புதல் தராமல் எந்த வீடியோவும் மையத்தின் பெயரில் வெளியாகாது.

அந்தச் சேனல்காரன் ஒருநாள் மையத்துடன் சேர்ந்து வீடியோ வெளியிட வந்தான். அவளை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. அவளோ அவன் தலைப்புகளைத் திரும்பத் திரும்ப அடித்துத் திருப்பி அனுப்பினாள்.

"மேடம், இப்படிச் சப்புன்னு எழுதினா எவன் பாப்பான்?"

"கோர முடிவு, விபரீத முடிவுன்னு எழுதினா, மனசு உடைஞ்சவனுக்கு அதுவும் ஒரு வழின்னு தோணும். 'உதவி கிடைக்கும், பேசலாம்'னு எழுதுங்க. உதவி எண்ணை விவரக்குறிப்போட அடியில புதைக்காதீங்க. 'மேலும்'னு அழுத்தாமலே தெரியணும். எத்தனை மணி வரைக்கும் போனை எடுப்பாங்க, காசு உண்டான்னும் சொல்லணும்."

"உங்ககிட்ட மாட்டினவன் பொழச்ச மாதிரிதான்!" என்று முணுமுணுத்துக்கொண்டே போனவன், கடைசி வடிவத்தை அனுப்பினான். அவள் வழக்கம்போல் உதவி எண்ணை அழைத்துப் பார்த்தாள். அது துண்டிக்கப்பட்டுப் போன பழைய எண். இணையத்தில் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருந்தான்.

ஒப்புதல் பொத்தானை நோக்கி அவள் விரல் தானாக நகர்ந்தது. அப்படியே வெளியாகட்டும், நாளை ஊரே அவன் முகத்தில் காறி உமிழும். எத்தனை வருடமாகக் காத்திருந்தாள்! ஆனால் இந்த எண்ணை முதலில் அழைக்கப்போவது அவனா? தம்பியைப் போல் எவனோ ஒருவன் அல்லவா? அவள் விரலை மடக்கிக்கொண்டாள். பழைய எண்ணை அழித்து, சரியான எண்ணை இட்டு, அதையும் அழைத்து உறுதிசெய்தாள். ஒப்புதலை மட்டும் தராமல் அவனை வரச்சொன்னாள்.

அவன் வந்தபோது மேசைமேல் இருந்த கணினியில் அந்தப் பழைய வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. அவன் பார்த்தான், அவள் முகத்தையும் பார்த்தான். அவன் முகம் வெளுத்தது.

"அக்கா..."

"அக்காவெல்லாம் வேண்டாம். இன்னமும் எங்கம்மா, தன் மகன் பேரைத் தேடினா இதுதான் முதல்ல வருது. இது இருக்கிற வரைக்கும் உங்க புது வீடியோவுக்கு ஒப்புதல் கிடையாது."

"இப்பவே எடுத்துடறேன். அழுது ஒரு மன்னிப்பு வீடியோவும் போடறேன். ஊருக்கே தெரியட்டும்."

அவள் சிரித்தாள். அத்தனை வருடக் கசப்பும் அந்தச் சிரிப்பில் இருந்தது.

"அழுது கைதட்டல் வாங்கப் பாக்கறீங்களா? போட்டா, எல்லாரும் மறுபடியும் அவனைத் தேடுவாங்க. ஒரு வார்த்தையும் சொல்லாதீங்க. சத்தமில்லாம எடுத்துட்டுப் போங்க."