“நீங்க மட்டும் லைன்ல இருங்க”

கோழிப்பண்ணைக்காரர்களுக்குப் போனிலேயே மென்பொருள் சொல்லிக்கொடுக்கும் வேலைக்குப் பொறுமைதான் முதல் தகுதி. அதைப் பண்ணைக்காரர்களிடம் செலவழித்ததைவிட என் டீம் லீடர் குமரேசன் சாரிடம் செலவழித்ததுதான் அதிகம். வாரத்தில் ஒரு நாள் சேலம் ஆபீஸ், மற்ற நாளெல்லாம் நாமக்கல்லில் எங்கள் வீட்டு உள்ளறை. ஆறு மாதம் முடியும்போது குமரேசன் சார் நல்லபடியாக எழுதிக் கொடுத்தால்தான் வேலை நிரந்தரம். கணவர் போர்வெல் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறார். இந்த வேலை எனக்கு வேண்டும். வீட்டிலிருந்து வேலை பார்க்கும் சகோதரிகளே, மிச்சம் உங்களுக்கே தெரியும். பெயர்களை மாற்றிவிட்டேன்.

கேமரா

எங்கள் டீமில் ஆண்களுக்கு நெட் எப்போதும் சரியிருக்காது, அதனால் கேமராவை அணைத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டு நெட் இரண்டு நாளாகச் செத்துக் கிடந்தாலும் பெண்கள் முகம் தெரிந்தாக வேண்டும். காலை மீட்டிங் முடிந்ததும், “நீங்க மட்டும் லைன்ல இருங்க” என்பார் சார். பண்ணை விஷயம் அரை நிமிடம் ஓடும். பிறகு, பின்னணியை மங்கலாக்காதீர்கள், அறை தெரியட்டும், முடியை முன்னால் விடுங்கள், கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் என்று ஜவுளிக்கடைக்காரர் பொம்மையைத் திருப்புகிற மாதிரி என்னைத் திருப்பிக்கொண்டிருப்பார். எரிச்சலில் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். நிரந்தரக் கடிதத்தை நினைத்து வாயை மூடிக்கொள்வேன்.

ஒரு நாள் என் மாமியார் துவைத்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார். திரையில் ஒரு ஆள் பேசாமல் வெறித்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் அவருக்குப் பாவமாகிவிட்டது. லேப்டாப்பை நெருங்கிக் குனிந்து கேட்டார்: “ஏனுங் தம்பி, ஒடம்பு கிடம்பு செரியில்லீங்களா? ஆடாம அசையாம இருக்கறீங்களே!”

குடும்பம்

டீமின் வாட்ஸாப் குழுவுக்கு ‘நம்ம குடும்பம்’ என்று பெயர். குடும்பத்தில் யாரும் அனுப்பாத படங்களும் ஸ்டிக்கர்களும்தான் அதில் வரும். நித்யா என்ற புதுப் பெண் போட்டோ மாற்றினால், அதற்குக் கீழே சார் ஒரு வரி எழுதுவார். ஏழு ஆண்கள் சிரிப்பு முகம் போடுவார்கள். ‘இது வேண்டாமே’ என்று நான் எழுதினேன். “ஜோக்குங்க, சீரியஸா எடுக்காதீங்க” என்று ஏழு பேரும் ஏழு விதமாகச் சொன்னார்கள்.

குழுவை விட்டு வெளியே வந்தேன். மறுநாளே டூட்டி அட்டவணை அந்தக் குழுவில் மட்டும் போடப்பட்டது. தெரியாமல் நான் ஒரு ஷிப்டைத் தவறவிட்டேன். ‘பொறுப்பில்லை’ என்று மெமோ வந்தது. திரும்பச் சேர்ந்தேன். இப்படி மூன்று தடவை குடும்பத்தை விட்டுப் போய் மூன்று தடவை திரும்பினேன். மூன்றாம் தடவை நித்யா தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: “அக்கா, பேசாம மியூட்ல போட்டுக்கோங்க. நான் குடும்பத்தையே மியூட்ல போட்டுத்தான் ஓட்டிட்டிருக்கேன்.”

ஆறு மணிக்கு மேல்

ஆறு மணிக்கு வேலை முடியும், ஏழு மணிக்கு சாரின் மெசேஜ் வரும். அதற்கு ஒரு சூத்திரம் வைத்திருந்தார். முதல் வரி ஆபீஸ், இரண்டாம் வரி அவருடையது. ‘மோகனூர்ப் பண்ணை தீவனக் கணக்கு சரியாயிடுச்சா? வூட்டுக்காரர் இல்லாம போரடிக்கலையா?’ என்று வரும். நான் முதல் வரிக்கு மட்டும், ‘சரியாகிவிட்டது சார்’ என்று பதில் போடுவேன். இருபத்து நான்கு மணி நேரத்தில் எல்லாம் தானாக மறையும்படி செட்டிங்கையும் மாற்றி வைத்திருந்தார். நான் மறைவதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்தேன். பிறகு, ஒரு தடவை திறந்தால் போய்விடுகிற மாதிரி படம் அனுப்பத் தொடங்கினார். அதை ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது. மகளின் ஆன்லைன் வகுப்புக்கு வாங்கிய பழைய போனால் என் போனையே படம் பிடித்தேன். தேதியும் நேரமும் ஒரு நோட்டில்.

பதில் குறைந்ததும் காலை மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் சார் வருத்தப்பட்டார்: “சிலருக்கு வேலை மேல ஈடுபாடே இல்லீங்க, ஆறு மணிக்கு மேல உசுரோட இருக்காங்களானே தெரியல.”

டிக்கெட்

பண்ணைக்காரர்களுக்கு ஒரு குழு உண்டு. இருநூறு பேர் இருப்பார்கள். அதில் யார் எதை எழுதினாலும் எங்கள் மென்பொருள் அதைப் புகாராக எடுத்து, டிக்கெட் எண் கொடுத்து, அன்றைய டூட்டி ஆளுக்கு ஒதுக்கி, தலைமை அலுவலகத்துக்கும் ஒரு நகல் அனுப்பிவிடும். ‘வணக்கம்’ என்று எழுதினாலும் டிக்கெட்தான்.

ஒரு ஞாயிறு மாலை எனக்கு அனுப்ப வேண்டியதை சார் அந்தக் குழுவில் போட்டுவிட்டார். ‘சிவப்புச் சேலை கண்ணுலயே நிக்குது. நாளைக்கு மீட்டிங் முடிஞ்சு தனியா வாங்க. கன்பர்மேஷன் என் கையிலதான் இருக்கு.’ அடுத்த நொடி மென்பொருள் மரியாதையாகப் பதில் சொன்னது: ‘தங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது. விரைவில் தீர்க்கப்படும்.’ டூட்டியில் நான். என் புகார் எனக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. சார் பதறிப் போய் அழித்தார். குழுவில் அழிந்தது, டிக்கெட் அழியவில்லை. அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது பரமத்தியில் பண்ணை வைத்திருக்கும் ஒரு அம்மாவின் குரல் பதிவு வந்தது: “இது எந்தப் புள்ளைக்குப் போட்டதோ தெரியல. பயப்படாத சாமி, நான் படிச்சுப்போட்டேன், எங்க கேட்டாலும் வந்து சொல்றேன்.”

ஆறு பிரதி

மறுநாள் ஹெச்.ஆரிடம் போனேன். “நீங்க உங்க ஊட்லதானுங்களே இருந்தீங்க, ஆபீஸ்ல ஒண்ணும் நடக்கலையே?” என்றார். வேலை எங்கே நடக்கிறதோ அதுதான் பணியிடம், வீடியோ காலும் அதில் அடக்கம் என்றேன். பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கிற கம்பெனியில் பாலியல் தொல்லைப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். எங்கள் நாற்பது பேர் கம்பெனியில் அது இல்லை. இரண்டே நாளில் உண்டாக்கினார்கள். பட்டியலில் மூன்றாவது பெயர் குமரேசன் சார்.

வெளியிலிருந்து குழுவுக்கு வந்த வக்கீலம்மாதான் அந்தப் பெயரை அடித்தார். கடைசியாக நடந்ததிலிருந்து மூன்று மாதத்துக்குள் புகாரை எழுத்தில் கொடுக்க வேண்டும், சாட்சிகள் விவரத்தோடு ஆறு பிரதி. ஸ்கிரீன்ஷாட், டிக்கெட், நோட்டு என்று எல்லாவற்றையும் ஆறு ஆறாக ஜெராக்ஸ் எடுத்தேன்; கடைக்காரர், கல்யாணப் பத்திரிகையா என்று கேட்டார். விசாரணை முடியும்வரை என் வேலையைப் பற்றி சார் எதையும் எழுதக் கூடாது என்று கேட்டேன், குழு அப்படியே உத்தரவு வாங்கித் தந்தது. அன்றுதான் நிம்மதியாகச் சாப்பிட்டேன். விசாரணையில் சார் கண் கலங்கி, என்னைத் தங்கச்சி மாதிரி நினைத்ததாகச் சொன்னார். வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: “தங்கச்சிகிட்டப் பேசறதுக்கு எதுக்குங்க மெசேஜ் மறையற செட்டிங்?”

கடிதம்

தொண்ணூறு நாள் கெடுவுக்குள் அறிக்கை வந்தது. புகார் உண்மை என்றது. சாரின் லீடர் பதவி போனது, எழுத்தில் மன்னிப்பும் வந்தது. அதிலும் முதல் வரி ஆபீஸ் விஷயம்தான். என் நிரந்தரக் கடிதத்தில் வேறொரு மேனேஜர் கையெழுத்துப் போட்டார். வாய்விட்டு அழுதேன், வெட்கமில்லாமல்.

விசாரணையைப் பற்றி யாரிடமும் பேசக் கூடாது என்பதால் நித்யாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளே அன்று சாயங்காலம் கூப்பிட்டாள். கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: “அக்கா, எனக்கு அவரு மெசேஜ் கடைசியா வந்து இன்னும் ரெண்டு மாசம்கூட ஆகலீங்க.”

பண்ணையில் ஒரு கோழி தலையைத் தொங்கப் போட்டாலே ஓடி வருகிற எங்கள் கம்பெனி, நாங்கள் தலையை நிமிர்த்திய பிறகுதான் வந்தது.