சங்கராபுரத்தில் எடுத்த நகல்

இடஒதுக்கீடு கேட்டுப் போராடியவர்கள் போகிற வழியெல்லாம் மரத்தை வெட்டிச் சாய்த்திருந்த அந்த வாரத்தில்தான் எங்கள் கிரயம் நடந்திருக்க வேண்டும். பஸ் ஓடவில்லை, யாரும் வந்துசேர முடியாமல் பத்திரப் பதிவு நின்றுபோனது. கள்ளக்குறிச்சியில் வாடகை வீட்டில் உட்கார்ந்து நான் அத்தனை பேரையும் திட்டித் தீர்த்தேன். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திச் சேர்த்த சீட்டுப் பணமும், தாலிச் செயின் போக மிச்ச நகையும் வெளியூரில் ரோட்டோரமாக நாங்கள் பேசி வைத்திருந்த மனைக்காகக் காத்திருந்தன. இன்னும் சில வருஷத்தில் விலை ஏறும், மகளுக்கு ஆகும் என்பது என் கணக்கு.

பொழுது போகாமல் காகிதங்களைப் பிரித்தேன். பட்டா விற்பவர் பேரில் இருந்தது. வில்லங்கச் சான்றில் ஒரு வரிகூட இல்லை. அடுத்த தெருவில் இருந்த பத்திர எழுத்தரிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"பட்டாவ வச்சிக்கினு இன்னா டீச்சர் பண்றது? மூலப் பத்திரம் விக்கிறவரோட அப்பா பேர்ல கீது. இந்தச் சான்று குடுத்த ரிஜிஸ்டர் ஆபீஸ் தொறந்தே பதினோரு வருசந்தான் ஆவுது. அதுக்கு முந்தி மனை கீற ஊரு சங்கராபுரம் ஆபீசுல சேந்திருந்துச்சி. அங்க யாரு பாத்தது?"

யாரும் பார்க்கவில்லை. மனையைக் காட்டிய தரகர் புது ஆபீஸில் மட்டும் மனுப் போட்டு, கைவீசிக்கொண்டு வந்திருக்கிறார். முத்திரைத்தாள் அரசாங்கம் வைத்த மதிப்புக்குத்தான் வாங்க வேண்டும், பேசின விலைக்கு அல்ல என்பதையும், சர்வேயர் கூலி, எழுத்துக் கூலி, தரகு எல்லாம் தனி என்பதையும்கூட எழுத்தர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மறுநாள் சங்கராபுரம் போக என் வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன். புளியமரம் குறுக்கே கிடந்த இடத்திலெல்லாம் இறங்கி, சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தோம். ஓரிடத்தில் மரத்தை வெட்டிப் போட்டவர்களே ஓடிவந்து தூக்கிக் கொடுத்தார்கள். "எங்கண்ணா, அக்காவ இட்டுக்கினு?" என்று ஒருவன் கேட்டான். "ரிஜிஸ்டர் ஆபீசுக்கு" என்றார் இவர். "நல்ல நாளு பாத்தீங்க!" என்று கூட்டமே சிரித்தது. திட்டிக்கொண்டு கிளம்பிய நானும் சிரித்துவிட்டேன்.

மனுப் போட்டு வந்து, சாலை திறந்தபின் போய்ச் சான்றை வாங்கினேன். அதில் ஒரு வரி இருந்தது. விற்பவரின் அப்பா, மனையின் ரோட்டுப் பக்கப் பாதியைத் தன் மகளுக்கு, அதாவது விற்பவரின் தங்கைக்கு, தானமாக எழுதிப் பதிவு செய்திருக்கிறார். நகலும் எடுத்தேன். அப்போது அவளுக்குப் பத்து வயது. அம்மா கார்டியனாக இருந்து ஏற்றுக்கொண்டு கைநாட்டு வைத்திருக்கிறாள்.

தரகரிடம் காட்டினேன். அவர் அசரவில்லை. "அந்தப் பொண்ண கல்வராயன் மலை அடிவாரத்துல கட்டிக் குடுத்திருக்காங்க. படிக்கத் தெரியாது. பட்டாவுக்குன்னு சொல்லி அண்ணங்காரரே கைநாட்டு வாங்கிடுவாரு. உங்களுக்கு இன்னா நஷ்டம்?"

எனக்கு ரத்தம் கொதித்தது. ஆனால் பொய் சொல்லக் கூடாது, ஒரு நிமிஷம் யோசித்தேன். ரோட்டுமேல் மனை. ஒரே ஒரு கைநாட்டு. அந்த ஒரு நிமிஷத்துக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நாங்களே அந்தத் தங்கையின் வீட்டைத் தேடிப் போனோம். வாசலில் சாமை புடைத்துக்கொண்டிருந்தாள். யாரோ டீச்சர் வந்திருக்கிறாள் என்றதும் பாயை விரித்து, மோர் கொடுத்துவிட்டு மறுபடி முறத்தை எடுத்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"எங்கப்பாவா? எனக்கா?" என்றாள். "வருசா வருசம் அண்ணன் ஒரு மூட்டை மல்லாக்கொட்ட குடுத்தனுப்பும். அதுவே ஜாஸ்தின்னு நெனச்சிக்கினு கெடந்தேன். அதுல இன்னா எழுதிக்கீது, படிங்க டீச்சரம்மா."

எல்லாப் பத்திரத்திலும் வருகிற வாசகம்தான். எழுத்தர்கள் மனப்பாடமாக எழுதுவது. நான் படித்தேன்: "நீ என் மகளானபடியாலும், உன்மேல் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்..."

முறம் மடியிலேயே நின்றுவிட்டது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "எங்கப்பா எங்கிட்ட நாலு வார்த்த சேந்தாப்ல பேசினதில்ல."

விற்பாளா என்று என் வீட்டுக்காரர் கேட்கத்தான் கேட்டார். அவள் தலையாட்டினாள், மாட்டேன் என்று. எனக்கு மனை போனது. கொடுத்த அச்சாரத்தை விற்பவரிடமிருந்து கறக்கப் பட்ட பாடு தனி. ஆனால் அன்றைக்கு அதெல்லாம் நினைவிலேயே இல்லை.

"இன்னொரு தபா அந்த வரிய மட்டும் படிங்க" என்றாள். படித்தேன். மூன்றாம் தடவை நான் வாயைத் திறக்கும் முன்பே அவளே சொல்லிவிட்டாள்.