கணுக்காலில் கடித்தது எது?

பூச்சி மருந்து அடிக்கும் நிறுவனத்தில் அவளுக்கு 'தையல்' என்று பேர். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் அவளுக்குத் துணி தைக்கத் தெரியும் என்று நினைத்து, கிழிந்த சட்டையைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது அவளுக்கு. எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் காரியமாக மெத்தையின் தையலை விரித்துப் பார்ப்பாள். அதனால் வந்த பேர்.

அந்தப் பழக்கம் சும்மா வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் கையில் இருந்த தடிப்புகளைக் காட்டினார். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தன. ஜன்னல் வலையும் கிழிந்திருந்தது. "கொசுதான் ஐயா, வலையை மாத்துங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். இரண்டு மாதம் கழித்து அவருடைய மகள் போன் செய்தாள். தபால்காரர் மதியம் சாய்ந்து தூங்கும் நாற்காலியின் மடிப்பு முழுக்க மூட்டைப்பூச்சி. பாவம், மனிதர் தூக்கம் கெட்டுப் பாதியாகிப் போயிருந்தார். "நீங்க கொசுன்னு சொன்னதால நாங்க வேற எதையும் தேடல" என்றாள் மகள். திட்டியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது. அதற்குப் பிறகு தோலை மட்டும் பார்த்து அவள் தீர்ப்புச் சொன்னதில்லை.

வேலைக்குப் போகும் பெண்கள் தங்கும் விடுதி ஒன்றிலிருந்து ஒரு காலை அழைப்பு வந்தது. மேலாளர் அம்மா வாசலிலேயே காத்திருந்தார்.

"மூட்டைப்பூச்சி. பதினோரு கட்டிலுக்கும் மருந்து அடிச்சிடுங்க. சாயங்காலம் எல்லாரும் வர்றதுக்குள்ள முடியணும்."

"யாராவது பூச்சியைப் பாத்தாங்களா?"

"பூச்சியை எதுக்குப் பாக்கணும்? காலெல்லாம் சிவந்து கிடக்கு. புதுசா ஒரு பொண்ணு வந்தா, பழைய மெத்தையோட. அவ வந்த வாரமே ஆரம்பிச்சது. மெத்தையை மொட்டை மாடிக்கு அனுப்பிட்டேன். அவளைச் சாமான் அறையில படுக்கச் சொல்லிட்டேன்."

'அவள்' ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு வேலை பார்ப்பவள். அன்று விடுப்பு. படிக்கட்டுக்கு அடியில், சாமான் அறை வாசலில், முழங்கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்து இரண்டு வாரத்தில் யாரிடமும் பேசி முடிக்காத பேச்சு முகத்தில் தேங்கி நின்றது.

"காட்டும்மா" என்றாள் தையல்.

கணுக்காலைச் சுற்றி, அதிகம் போனால் கெண்டைக்கால் வரை, சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். இரண்டும் மூன்றுமாகக் கூட்டம் கூட்டமாக இருந்தன. ஒவ்வொன்றின் நடுவிலும் ஊசி குத்தியது போல ஒரு அடர் சிவப்பு. சொறிந்து சில இடங்களில் தோல் உரிந்திருந்தது.

"தோள்ல, கழுத்துல, முதுகுல?"

"இல்லக்கா. காலு மட்டும்தான். சாமான் அறைக்கு வந்து படுத்தப்புறம் இன்னும் அதிகமாயிருக்கு."

"மெத்தை கூட இல்லாமலா?"

"வெறும் பாய்லதான் படுக்கிறேன்."

தையல் நிமிர்ந்து மேலாளரைப் பார்த்தாள். டார்ச்சை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போனாள்.

மெத்தை பழையதுதான். ஓரத் தையல், மடிப்பு, பித்தான் குழி எதையும் விடவில்லை. மூட்டைப்பூச்சி குடியிருந்தால் மை சிந்தியது போலக் கரும்புள்ளி இருக்கும், உரித்துப்போட்ட தோல் இருக்கும், அரிசி நொய் போல வெள்ளை முட்டை இருக்கும். எதுவும் இல்லை. பிறகு பதினோரு கட்டில்களையும் புரட்டினாள். சட்டத்தின் ஆணித் துளைகளில் பழைய அட்டையை விட்டு நெம்பிப் பார்த்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது.

அதற்குள், மதிய உணவுக்கு வந்த வங்கி ஊழியை ஒருத்தி முழங்கையை நீட்டினாள். விடுதியில் மூத்தவள், புகாரை முதலில் கிளப்பியவளும் அவள்தான்.

"எனக்குக் கையில கடிச்சிருக்கு. அப்போ இது கட்டில்லேர்ந்துதானே?"

தடிப்புகள் பெரிதாக, உப்பலாக, ஆளுக்கொரு மூலையில் இருந்தன.

"எப்ப வந்தது?"

"சாயங்காலம் பால்கனியில போன் பேசிட்டு உள்ள வரும்போதே அரிக்கும். காலைல பாதி அடங்கிடும்."

"கொசு மாதிரி இருக்கு. ஆனா உங்க கட்டிலையும் பாத்துட்டுத்தான் சொல்றேன். சில பேருக்கு மூட்டைப்பூச்சி கடிச்சாத் தடிப்பே வராது, சில பேருக்கு நாள் கழிச்சு வரும்."

அவள் கட்டிலும் சுத்தம்.

"கால்ல கடி வாங்கினவங்க எல்லாரும் எங்க போவாங்க?" என்று தையல் கீழே இறங்கி வந்து கேட்டாள். மேலாளர் யோசித்தார். எங்கேயும் ஒன்றாகப் போவதில்லை. வரவேற்புப் பெண்தான் மெதுவாகச் சொன்னாள்: "காலைல துணி தேய்க்க எல்லாரும் இங்கதான் நிப்போம்."

இஸ்திரி மேசை சாமான் அறை வாசலில் இருந்தது. தையல் கால்சட்டையை மடித்துக்கொண்டு, முழங்கால் வரை வெள்ளைக் காலுறையை இழுத்துவிட்டாள். மேசைப் பக்கம் நடந்துவிட்டு, சாமான் அறைக்குள் போய்ப் பழைய சாக்குகளுக்கு நடுவில் நின்றாள். இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. வெள்ளைத் துணியில் எள் போல ஒன்று வந்து ஒட்டியது, பிறகு மூன்று, பிறகு எண்ண முடியவில்லை. தொடப் போனால் துள்ளின.

ஒட்டும் நாடாவில் ஒன்றைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினாள். பக்கவாட்டில் தட்டையான, பழுப்பு நிறப் பூச்சி.

"தெள்ளுப்பூச்சி. இங்க பூனை இருந்துதா?"

மேலாளரின் முகம் மாறியது. "குட்டி போட்டிருந்துது. சத்தம் தாங்காம விரட்டிட்டேன். குட்டியையும் தூக்கிட்டுப் போயிடுச்சு. அது வந்துபோற வெண்டிலேட்டரை அடைச்சுட்டேன்."

"எப்ப?"

"ரெண்டு வாரம் இருக்கும்."

அந்தப் பெண் வந்ததும் அந்த வாரம்தான்.

"பூனை இருந்தவரைக்கும் அதுங்களுக்குப் பூனை போதும். போனதும் பசி. கிட்ட நிக்கிற கால்தான் கிடைச்சுது" என்றாள் தையல். "இவளைக் கொண்டுபோய் நேரா அதுங்க வாய்லயே விட்டுட்டீங்க, மேடம்."

மேலாளர் அம்மா மேசையில் கிடந்த துணியை எடுத்து மடித்தார். மடித்ததையே மறுபடி மடித்தார்.

பூனை படுத்திருந்த சாக்குகள் உறையில் கட்டி வெளியே போயின. தரையின் சந்து பொந்தெல்லாம் வேக்குவம் கருவி ஓடியது. அதன் பையையும் கையோடு மூடிக் கட்டினார்கள். பாயும் போர்வையும் வெந்நீருக்குப் போயின. அதன் பிறகுதான் மருந்து, அதுவும் அந்த அறைக்கும் நடைக்கும் மட்டும். கட்டில் ஒன்றைக்கூடத் தையல் நனைக்கவில்லை.

"இன்னியோட தீராது. கூடு கட்டிக்கிட்டு உள்ள இருக்கற புழுவை மருந்து தொடாது. தினமும் பெருக்கி உறிஞ்சுங்க, ரெண்டு வாரத்துல மறுபடி வர்றேன்" என்றாள். பெண்ணிடம் திரும்பி, "நகத்தை வெட்டிக்கோ. குளிர்ந்த துணியை வை. புண்ணான இடம் வீங்கினா டாக்டர்கிட்ட போ."

வங்கி ஊழியை மாடிப்படியில் நின்றிருந்தாள். மன்னிப்புக் கேட்கப் பழக்கமில்லாத முகம். "என் ரூம்ல ஜன்னல் பக்கத்துக் கட்டில் காலியா இருக்கு. காத்து வரும். உன் மெத்தையை நான் இறக்கித் தர்றேன், வா" என்றாள்.

பெண் அவளை நிமிர்ந்து பார்த்தாள். அந்த இரண்டு வாரமும் அவள் உள்ளே வந்தால் மற்றவர்கள் சேலையை ஒதுக்கிக்கொண்ட விதம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

"மெத்தையை இறக்கலாம்க்கா. ஆனா பூச்சி போனதும் நான் இந்தச் சாமான் அறைலயே இருந்துக்கறேன். கதவைச் சாத்திக்கலாம், தனி அறை. இதுக்கு மேல கடிக்க இங்க ஒண்ணும் இருக்காதே."

மேலாளர் அம்மா முதலில் சிரித்தார். பிறகு, அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்து, சாவிக்கொத்தில் அந்த அறைச் சாவியைத் தேட ஆரம்பித்தார்.