சொத்தைப் பருப்பு யார் கணக்கு

நாற்பத்திரண்டு வயதில் மறுபடியும் வேலைக்குப் போனவள் நான். பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், படித்த பி.காம் பீரோவில் தூங்குகிறது, போதும் என்று கிளம்பிவிட்டேன். செஞ்சியில் திண்டிவனம் ரோட்டில் இருக்கிற ஒரு கடலை மிட்டாய் ஃபேக்டரியில் அக்கவுண்டன்ட். சேர்ந்த முதல் மாதமே இரண்டு பெண்களின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தேன். வேண்டுமென்று செய்யவில்லை. ஒரு பேப்பர் அடித்தேன், அவ்வளவுதான்.

எனக்கு முன்னால் இருந்தவர் ஒரு ஃபைல் விட்டுப் போயிருந்தார். ஒரு மூட்டை வேர்க்கடலைப் பருப்பில் இவ்வளவு சொத்தை கழியலாம், பொறுக்க இவ்வளவு நேரம் ஆகலாம், கூலி இவ்வளவு, வெல்லம் இவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் அதில் ஒரு அளவு இருந்தது. மாத முடிவில் உண்மையில் நடந்ததை அந்த அளவோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை எழுத வேண்டும். நல்லதாக இருந்தால் பச்சை, கெட்டதாக இருந்தால் சிவப்பு. புத்தகத்தில் அதற்கு வேரியன்ஸ் என்று பெயர். படித்ததை எல்லாம் காட்டிவிட வேண்டும் என்ற ஆசையில் கலர் கலராக அடித்துக் கொடுத்தேன்.

பருப்பு விலை பச்சை. முதலாளி மலிவாக வாங்கியிருந்தார். மற்றதெல்லாம் சிவப்பு. பருப்பு அதிகம் செலவு, பொறுக்கும் நேரம் அதிகம், கூலி அதிகம், மெஷின் சும்மா நின்றது அதிகம். சிவப்பான வரிகள் அத்தனையும் ‘உற்பத்தி’ என்ற தலைப்பின் கீழே வந்தன. உற்பத்தி என்றால் சூப்பர்வைசர்.

முதலாளி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். “பரவால்லியே மேடம், புட்டுப் புட்டு வெச்சிட்டீங்களே! இத்தனை மூட்டைக்கு ஆறு பேரு போதும்னு உங்க பேப்பரே சொல்லுது. எட்டுப் பேரு இன்னாத்துக்கு? வயசான ரெண்டு பேரை வர்ற சனிக்கிழமையோட நிறுத்திடச் சொல்றேன்” என்றார். நான் தலையாட்டினேன். என் பேப்பரை ஒருவர் இவ்வளவு மதிக்கிறாரே என்று உள்ளுக்குள் குளிர்ந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் காலை ஒன்பதரைக்கு சூப்பர்வைசர் என் மேஜைக்கு வந்தாள். இருபத்தொன்பது வயசு, அனந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். தலையில் ஃபேக்டரி தொப்பி, கையெல்லாம் பருப்புத் தோல். என் பேப்பரை மேஜையில் வைத்து ஒரு விரலால் தட்டினாள்.

“இன்னாக்கா இது?”

“மாசக் கணக்கும்மா.”

“யார் கணக்கு? மொதலாளி என்னைக் கூப்ட்டு, ரெண்டு பேரை நிறுத்துன்னுட்டாரு. இன்னும் அவங்ககிட்ட நான் சொல்லல. சொல்ல வாய் வரல. ஒருத்தங்க சம்பளத்துலதான் பேத்தி நர்சிங் படிக்குது. இன்னொருத்தங்களுக்கு ஆம்பள துணை கெடையாது. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்னு உங்ககிட்ட வந்திருக்கேன்.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். “நான் இருக்கறதைத்தான் எழுதினேன். நேரம் அதிகமா ஆனது நிஜமா இல்லையா?”

“நிஜம்தான். யாரால ஆச்சுன்னு எழுதினீங்களா?”

அதை நான் எழுதவில்லை. கோபம் மட்டும் அப்படியே இருந்தது. “சரி, உக்காரு. ஒவ்வொரு வரியா சொல்லு. எது உன் கையில, எது இல்லைன்னு” என்றேன், சண்டைக்குக் கூப்பிடுகிற தொனியில். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“கூலி வரி. பொங்கலுக்கு அப்புறம் எல்லாருக்கும் கூலி ஏத்துனது யாரு? நானா?”

“முதலாளி.”

“அப்ப அது ஏன் என் தலையில இருக்குது? அடுத்து, மெஷின் சும்மா நின்ன நேரம். கரெண்ட் போச்சு. போனா நான் இன்னா, கம்பத்துல ஏறவா?”

சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, “அது உன்னுதும் இல்ல, அவருதும் இல்ல. தனியா வைக்கிறேன்” என்றேன்.

“இப்ப பருப்பு. இங்க வாங்க.” எழுந்து நடந்தாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதத்தில் அன்றுதான் நான் பொறுக்கும் கொட்டகைக்குள் காலை வைத்தேன். என் மேஜையிலிருந்து முப்பது அடிகூட இருக்காது. வெட்கக்கேடு.

எட்டுப் பெண்கள் தகரத் தட்டுகளுக்கு முன்னால் உட்கார்ந்து சொத்தை, சுருங்கல், கறுப்பு என்று பொறுக்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அவள் ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் கொட்டினாள். எங்கள் ஊரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை எனக்குத் தெரியாததா? நான் தின்று வளர்ந்ததே அதுதான். இந்தப் பிடியில் நாலில் ஒன்று சுருங்கிக் கிடந்தது.

“முன்ன மொதலாளி செஞ்சி மார்க்கெட்டுல பாத்துப் பாத்து வாங்குவாரு. இப்ப அவலூர்பேட்டைல அவரு மச்சான் அனுப்புறாரு. விலை கம்மி. உங்க பேப்பர்ல அவருக்குப் பச்சை, எனக்கு சிவப்பு. பழி ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம்.”

அந்த ஃபைலில் இருந்த அளவு பழைய நல்ல பருப்புக்குப் போட்டது. நான் அதைக் கேள்வி கேட்காமல் காப்பி அடித்திருந்தேன். “என் தப்பு” என்று சொல்ல வாய் எடுத்தால், வந்தது வேறு. “நீ சொல்றதை மட்டும் வெச்சு எழுதினா அவரு நம்புவாரா? பழைய பருப்பு மூட்டை ஏதாவது மிச்சம் இருக்குதா?”

இரண்டு இருந்தன. அன்றைக்கே சோதனை வைத்தோம். நாலு பேருக்குப் பழைய மூட்டை, நாலு பேருக்கு மச்சான் மூட்டை. முடிந்ததும் மாற்றிக் கொடுத்தோம். இந்த நாலு பேர் சுறுசுறுப்பு, அந்த நாலு பேர் மந்தம் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது அல்லவா? அந்த இரண்டு வயதானவர்களையும் ஆளுக்கொரு பக்கம் உட்கார வைத்தாள். நான் செல்ஃபோனில் நேரம் பார்த்தேன், கழிந்த சொத்தையை எடை போட்டேன். எதற்கு என்று பெண்களிடம் சொல்லவில்லை.

பழைய மூட்டை யார் பொறுக்கினாலும் ஏறக்குறைய ஒரு மணி நேரம், இரண்டு கிலோ கழிவு. மச்சான் மூட்டை யார் பொறுக்கினாலும் இரண்டு மணிக்குக் கொஞ்சம் குறைவு, ஆறு கிலோ கழிவு. பேப்பரில் போட்டுப் பார்த்தேன். விலையில் மிச்சம் பிடித்ததைவிடச் சொத்தையிலும் கூடுதல் நேரத்திலும் போனதுதான் அதிகம். நல்ல பருப்புக்கு ஆறு பேர் போதும் என்பது சரிதான். இந்தப் பருப்புக்கு எட்டுப் பேரே திணறுகிறார்கள்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. “ஜெயிச்சிட்டோம்டி!” என்று கத்தினேன். ‘டி’ எப்படி வந்தது என்றே தெரியவில்லை. ஆனால் அவள் சிரிக்கவில்லை.

“அக்கா, இன்னொண்ணு இருக்குது. பேக்கிங்ல பத்து பாக்கெட் எடுத்து எடை போடுங்க.”

இருநூறு கிராம் பாக்கெட். போட்டேன். எல்லாம் இருநூற்றெட்டு, இருநூற்றேழு, இருநூற்றொன்பது.

“எடை குறைஞ்சா ஆபீசருங்க வந்து ஃபைன் போடுவாங்கன்னு பயம். அதனால மிட்டாய்த் தகடைத் தடிமனாவே உருட்டச் சொல்லிட்டேன். பருப்பு அதிகமா போறதுல ஒரு பங்கு இதுதான். அதை நான் நெனச்சா கொறைக்கலாம். தட்டு தட்டா எடை பாத்தா போதும். சோம்பேறித்தனம்.”

“ஊரான் வூட்டு நெய்யே என் பொண்டாட்டி கையேன்னு வாரி விட்டிருக்க!”

“ஆமா. எழுதுங்க. என் பேரு போட்டு எழுதுங்க.”

“உன் இன்சென்டிவ் போயிடும்.” வீண் இல்லாத மாதத்துக்கு அவளுக்கு ஒரு தொகை உண்டு. பஸ் பாஸ், தம்பி ஃபீஸ் என்று அதற்கு ஏற்கெனவே செலவு காத்திருந்தது எனக்குத் தெரியும்.

“எல்லாத்தையும் அவரு தலையில போட்டா அவரு நம்புவாரா? நான் என்னுதை ஒத்துக்கிட்டாத்தான் அவரு அவருதைப் பாப்பாரு. அதோட, அது நிஜமாவே என்னுதுதானே.”

அந்த நிமிஷம் அவளை இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. கை நிறைய பருப்புத் தோலோடு நின்றாள், அதனால் விட்டுவிட்டேன்.

புதுப் பேப்பரில் கலர் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் எதிரே யார் கையில் என்று மட்டும் எழுதினேன். கூலி உயர்வு, பருப்பு விலை, பருப்புத் தரம், அந்தத் தரத்தால் கூடிய நேரம்: முதலாளி. பாக்கெட் எடை: சூப்பர்வைசர். கரெண்ட்: யாரும் இல்லை. பழைய அளவைப் பார்க்காமல் காப்பி அடித்தது: அக்கவுண்டன்ட். கடைசி வரியை ஒரு தரம் அழித்துவிட்டு மறுபடியும் எழுதினேன். அவள் தன்னுடையதை எழுதச் சொன்ன பிறகு நான் என்னுடையதை எப்படி எழுதாமல் இருப்பது?

வெள்ளிக்கிழமை இருவரும் சேர்ந்து போய் முதலாளி முன்னால் நின்றோம். அவர் படித்தார். முகம் சிவந்தது. “என் பேருதான் நாலு வாட்டி இருக்குது!” என்றார். நான் இரண்டு கிண்ணத்தை மேஜையில் வைத்தேன். ஒன்றில் பழைய மூட்டைச் சொத்தை, இன்னொன்றில் மச்சான் மூட்டைச் சொத்தை. அவர் மச்சான் கிண்ணத்தில் விரலை விட்டு ரொம்ப நேரம் கிளறினார்.

“மேடம், மச்சான்கிட்ட வாங்கறதை நிறுத்துனா வூட்ல எனக்கு சோறு கெடையாது. அதை எந்த வரியில போடுவீங்க?”

“கரெண்ட் பக்கத்துல போட்டுடலாம் மொதலாளி” என்றாள் இவள்.

நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். ஆனால் மனுஷன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மச்சான் அனுப்பட்டும். ஆனா மூட்டையைப் பிரிச்சுப் பாத்துட்டுத்தான் இறக்கணும், அதை நானே பாக்குறேன். எட்டுப் பேரும் இருக்கட்டும்” என்றார். பிறகு இவளைப் பார்த்தார். “பாக்கெட் எடை உன்னுதுன்னு எழுதியிருக்குதேம்மா. இந்த மாசம் இன்சென்டிவ் இல்ல.”

“சரிங்க மொதலாளி.”

வெளியே வந்ததும் அவள் தொப்பியைச் சரி செய்துகொண்டு நேராகக் கொட்டகைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். அந்த இரண்டு பேரிடமும் சொல்லப் போகிறாள், இரண்டு பேரும் அழப் போகிறார்கள், நானும் கூட அழலாம் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. தட்டில் இருந்த பருப்பைக் கையால் தள்ளி, “இது இன்னும் கறுப்பா இருக்குது, பாருங்க” என்றுவிட்டுப் பேக்கிங் பக்கம் போய்விட்டாள். அவர்கள் இருவருக்கும் எதுவுமே தெரியாது. மூத்தவர் என்னைப் பார்த்ததும் கண்ணைச் சுருக்கினார்.

“ஏம்மா, கணக்கு எழுதறதை வுட்டுட்டு நேத்து எங்களை ஓட்டப்பந்தயம் வுட்டியே, இடுப்பு வுட்டுப் போச்சு. உனக்கு வேற வேலையே கெடையாதா?”

“இல்லைங்கக்கா” என்றேன். “தப்புதான். திட்டுங்க.”

மனம் நிறைய நின்று வாங்கிக் கட்டிக்கொண்டேன்.