தடுப்பூசி ஃபிரிட்ஜும் ஃபெலிஸ்டாவும்

நங்கோலோ சுகாதார நிலையத்தில் ஃபெலிஸ்டா முஹிவாவோடு சண்டை போட்டவர்கள் நிறைய. ஜெயித்தவர்கள் யாருமில்லை. ஆள் குள்ளம், குரல் எட்டூருக்குக் கேட்கும். பதினெட்டு வருஷமாக அங்கே பிரசவ நர்ஸ். சில்வா ஏரிப் பக்கத்து மீனவக் குடும்பங்களில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில் பிறந்தவை. சந்தையில் உசிப்பா என்ற பொடி மீன் வாங்கப் போனால் கூறுக்கு ஒரு பிடி கூடவே விழும். அதையும் போதாது என்று சண்டை போட்டுத்தான் வாங்குவாள்.

பயிற்சி முடித்து முதலில் பெரியாஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் ஒரு தப்புச் செய்தாள். யாருக்கும் அதை ஒளிக்க மாட்டாள். குழந்தை பிறந்துவிட்டது, கருப்பையில் ஒட்டியிருக்கும் நஞ்சு வரவில்லை, வெளியே இன்னும் நான்கு பெண்கள் காத்திருந்தார்கள். அவசரத்தில், கருப்பை இறுகுவதற்கு முன்பே தொப்புள்கொடியைப் பிடித்து இழுத்துவிட்டாள். தலையணை உறை உள்புறம் வெளியாகப் புரள்வது போலக் கருப்பையே புரண்டு கைக்கு வந்தது. பெரிய டாக்டர் ஓடி வந்து உள்ளே தள்ளியதால் அந்தப் பெண் பிழைத்தாள். ஃபெலிஸ்டா மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தாள். அதற்குப் பிறகு ஜனாதிபதியே வாசலில் நின்று அவசரப்படுத்தினாலும், கருப்பை கல்லாக இறுகாமல் அவள் கொடியைத் தொட்டதில்லை.

கருப்பை கல்லாக வேண்டுமென்றால் ஆக்சிடோசின் ஊசி வேண்டும். குழந்தை வெளியே வந்ததும், உள்ளே இரட்டை இல்லை என்று வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு நிமிடத்துக்குள் தொடையில் பத்து யூனிட். ஃபெலிஸ்டா அதில் ஒரு நாளும் தவறியதில்லை. எலுபி என்ற பெண்ணுக்கும் தவறவில்லை. போன வருஷம் அக்டோபரில், ஊசி போட்ட பிறகும் எலுபியின் கருப்பை கூழாகவே கிடந்தது. நஞ்சு வந்தது, ரத்தம் நிற்கவில்லை. அடுத்தடுத்துப் போட்ட ஊசிகளும் அப்படியே. ஆம்புலன்ஸ் வர நான்கு மணி நேரம். எலுபி பாதி வழியில் போய்ச் சேர்ந்தாள். அதே மாதம் இன்னும் இரண்டு பேர் சாவின் வாசல் வரை போய்த் திரும்பினார்கள்.

ஃபெலிஸ்டா அலமாரியைத் திறந்து மருந்துப் பெட்டியை எடுத்துப் படித்தாள். இரண்டு முதல் எட்டு டிகிரிக் குளிரில் வைக்கவும் என்று அச்சடித்திருந்தது. அந்த அலமாரி மேற்குச் சுவரோரம், தகரக் கூரைக்குக் கீழே இருந்தது. உள்ளே தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தாள். முப்பத்தேழு. மாதக்கணக்கில் வெந்த மருந்தைத்தான் எலுபிக்கு ஏற்றியிருக்கிறோம் என்று தெரிந்ததும், அவளுக்கு வந்தது அழுகை இல்லை, ஆத்திரம்.

நிலையத்தில் இருந்தது ஒரே ஒரு ஃபிரிட்ஜ். கேஸில் ஓடுவது. தடுப்பூசிக்காரன் வைசன் அதற்குக் காவல். கதவில் 'தடுப்பூசி தவிர வேறெதுவும் வைக்கக் கூடாது' என்ற அறிவிப்பு.

"அக்கா, சொன்னாக் கேளுங்க," என்றான் வைசன். "ஒவ்வொரு பிரசவத்துக்கும் நீங்க வந்து கதவத் திறந்தா உள்ள சூடு ஏறிடும். அம்மை ஊசி கெட்டா ஊர்ப் பிள்ளைங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"நீ காலைல சூடு பாக்கத் திறப்பேல்ல? அப்பவே அன்னிக்கு வேண்டிய அஞ்சு குப்பிய எடுத்து ஐஸ் டப்பாவுல வெச்சுக்கறேன். அப்புறம் உன் கதவ நான் ஏன் தொடறேன்?"

"மேலருந்து உத்தரவு இல்லையே."

"மேல இருக்கறவனுக்குப் பிரசவம் ஆகுமாடா?"

வைசன் மசியவில்லை. மறுநாள் அவன் மேசையில் சாவியை வைத்துவிட்டுக் கை கழுவப் போன நேரம், புதிதாக வந்த ஆக்சிடோசின் பெட்டி ஃபிரிட்ஜுக்குள் போனது. சாவி ஃபெலிஸ்டாவின் இடுப்புத் துணி முடிச்சுக்குள் போனது. "உனக்கு எப்ப வேணுமோ கேளு தம்பி, திறந்து விடறேன்," என்றாள். தன் ஃபிரிட்ஜைத் திறக்கத் தானே கெஞ்ச வேண்டிய கேவலத்தை ஒரு மாதம் பொறுத்த வைசன், பிறகு மாவட்டத்துக்குப் புகார் எழுதிப் போட்டான்.

விசாரிக்க வந்தவர் தடுப்பூசி அதிகாரி கலிம்பிரா. கழுத்தில் டை, சட்டைப் பையில் ஒரு உறை. வந்ததும் உறையைத் தட்டிக் காட்டினார். "இது உங்க மாற்றல் உத்தரவு, சிஸ்டர். பெட்டிய வெளிய எடுத்துட்டுச் சாவியக் குடுத்தீங்கன்னா இது என் பையிலயே இருக்கும்."

ஃபெலிஸ்டா வாயைத் திறப்பதற்குள் பிரசவ அறையிலிருந்து அலறல் வந்தது. அசியாட்டு. மூன்றாவது பிரசவம், தலை தெரிந்துவிட்டது.

"அந்த உறை எங்கயும் ஓடாது சார், பிள்ளை நிக்காது," என்று உள்ளே போய்விட்டாள்.

பெண் குழந்தை. பிறந்ததுமே வீறிட்டது. வயிற்றைத் தடவிப் பார்த்தாள், இரட்டை இல்லை. ஐஸ் டப்பாவிலிருந்து எடுத்த குப்பியை உடைத்துத் தொடையில் ஊசி போட்டாள். கொடியில் துடிப்பு அடங்கியபின் இடுக்கி போட்டு வெட்டினாள். கருப்பை அழகாக இறுகியது. இடது கையால் அடிவயிற்றுக்கு மேலே கருப்பையைப் பின்னுக்குத் தாங்கிக்கொண்டு, வலது கையால் கொடியை நிதானமாகக் கீழ்நோக்கி இழுத்தாள். அசையவில்லை. விட்டுவிட்டாள். அடுத்த இறுக்கத்துக்குக் காத்திருந்து இழுத்தாள். அப்போதும் அசையவில்லை.

குழாய் போட்டுச் சிறுநீர்ப்பையைக் காலி செய்தாள், அது நிறைந்திருந்தாலும் நஞ்சை மறிக்கும். இன்னொரு பத்து யூனிட் போட்டாள். குழந்தையை மார்பில் வைத்தாள். அசியாட்டுவின் அக்கா சவுதா ஒரு காலி பாட்டிலை நீட்டினாள். "இதுக்குள்ள ஊதச் சொல்லுங்க சிஸ்டர், எங்கம்மாவுக்கு அப்படித்தான் நஞ்சு விழுந்துச்சு."

"ஊதட்டும் தாயி. ஊதினா யாரும் செத்துப் போயிட மாட்டாங்க. கொடியில மட்டும் கை வெச்ச, தெரியும் சேதி."

அரை மணி நேரம் போனது. ரத்தம் இல்லை, நஞ்சும் இல்லை. திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கலிம்பிராவின் குரல் வந்தது. "என்ன சிஸ்டர், உங்க ஃபிரிட்ஜ் மருந்து வேலை செய்யல போலிருக்கே?"

ஃபெலிஸ்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மருந்து கருப்பைய இறுக்கிருச்சு சார். நஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கு. சில பேருக்கு என்ன போட்டாலும் அப்படித்தான். பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பணும், ஆம்புலன்ஸ் வேற ஊர்ல நிக்குது. உங்க வண்டியக் குடுங்க."

"அது தடுப்பூசி வண்டி. வேற எதுக்கும் எடுக்கக் கூடாது."

அவள் பதில் சொல்லத் திரும்பிய நேரத்தில் சவுதா கத்தினாள். ரத்தம் கட்டிலிலிருந்து தரைக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. நஞ்சு ஒரு பக்கம் பிய்ந்துவிட்டது. இனி எந்த வண்டிக்கும் காத்திருக்க முடியாது.

"வைசன்! டப்பாவுல மிச்சம் இருக்கறத எடுத்துட்டு ஓடியா!" நரம்பில் ஊசி ஏற்றி டிரிப்பை மாட்டினாள். ஸ்டாண்ட் போன வாரமே உடைந்து மூலையில் சாய்ந்து கிடந்தது. "அசியாட்டு, அந்த மனுஷன் உள்ள வந்து பையத் தூக்கிப் பிடிக்கட்டுமா? உன் தலைமாட்டுல நின்னு சுவரத்தான் பாப்பாரு."

"யாரா இருந்தாலும் வரட்டும்," என்றாள் அசியாட்டு. குரல் மெலிந்துவிட்டிருந்தது.

கலிம்பிரா டையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். பையை உயர்த்திப் பிடித்து, சுவரைப் பார்த்து நின்றார். ஃபெலிஸ்டா வலி மருந்தும், சீழ் பிடிக்காமலிருக்க ஆன்ட்டிபயாட்டிக்கும் ஏற்றினாள். முழங்கை வரை நீண்ட கையுறையைப் போட்டாள். "உள்ள கை விடப் போறேன்டி. வலிக்கும். என்னத் திட்டணும்னா திட்டு, இடுப்ப மட்டும் தூக்காத."

அசியாட்டு திட்டினாள். ஃபெலிஸ்டாவின் ஏழு தலைமுறையையும் இழுத்தாள். ஃபெலிஸ்டா ஒரு கையால் கொடியைத் தொட்டபடியே உள்ளே போனாள், மறு கையால் வயிற்றுக்கு மேலிருந்து கருப்பையைத் தாங்கினாள். நஞ்சின் விளிம்பு விரலுக்குத் தட்டுப்பட்டது. விரல்களை ஒன்றாகச் சேர்த்து, கையின் ஓரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தாள். பிய்த்தால் துண்டு உள்ளே தங்கும், அவசரப்பட்டால் கருப்பை கிழியும். நெற்றி வியர்வை கண்ணில் இறங்கியதைத் துடைக்கக் கை இல்லை. கடைசி ஒட்டும் விட்டது. நஞ்சை முழுசாகக் கையில் ஏந்தி வெளியே வந்தாள்.

ஆனால் கருப்பை தளர்ந்துவிட்டது. ரத்தம் மறுபடி கொட்டியது. வயிற்றைத் தேய்த்துக்கொண்டே, "வைசன், ரெண்டு குப்பிய உடைச்சு எடு, அந்தப் பையில ஏத்து!" என்றாள். இருபது யூனிட். சொட்டுச் சொட்டாக இறங்கியது. கைக்குக் கீழே கூழாகக் கிடந்தது மெல்ல இறுகியது, உருண்டது, கல்லானது. ரத்தம் நின்றது. எலுபிக்கு இந்தக் கல் கிடைக்கவில்லையே என்று நினைத்ததும் ஃபெலிஸ்டாவுக்குக் கண் கலங்கியது. சொந்தத் தங்கை பிழைத்த மாதிரி இருந்தது. நஞ்சைத் தட்டில் விரித்துப் பார்த்தாள். ஒரு துண்டும் குறையவில்லை.

"கைய இறக்கலாமா சிஸ்டர்?" என்றார் கலிம்பிரா.

"இறக்காதீங்க. இன்னும் பாதிப் பை இருக்கு."

ரத்தம் நிறையப் போயிருந்ததால், அசியாட்டுவைப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பத்தான் வேண்டியிருந்தது. கலிம்பிரா இந்தத் தடவை கேட்காமலே தன் வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டார். வண்டியைக் கொடுத்தார், விதியை விட்டுக்கொடுக்கவில்லை. ஏறுவதற்கு முன்னால் ஃபெலிஸ்டாவிடம் வந்தார்.

"நீங்க செஞ்சது பெரிய காரியம். நான் கண்ணால பாத்தேன். அதுக்காக உத்தரவ நான் மாத்த முடியாது. பெட்டிய வெளிய எடுத்துருங்க சிஸ்டர். இந்த உறையக் கிழிச்சுப் போட்டுடறேன்."

"எடுக்க மாட்டேன்."

"பதினெட்டு வருஷம் இருந்த இடம். யோசிங்க."

"எலுபியப் புதைச்ச அன்னிக்கே யோசிச்சுட்டேன். உறையக் குடுங்க சார்."

உத்தரவைப் பெற்றுக்கொண்டதாகச் சுவரில் வைத்தே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பிறகு இடுப்பு முடிச்சை அவிழ்த்துச் சாவியை வைசன் கையில் வைத்தாள். "புகார் எழுதினவன் நீதான். நீயே வெச்சுக்க."

கலிம்பிரா வண்டியில் ஏறி உட்கார்ந்து, "வைசன், அந்தப் பெட்டிய இன்னிக்கே வெளிய எடுத்துரு," என்றார்.

வைசன் ஃபிரிட்ஜ் வரைக்கும் போனான். கதவில் தொங்கிய சூட்டுப் பட்டியலைப் பார்த்தான். பெட்டி உள்ளே போன பிறகும் கணக்கு நாலு டிகிரிக்கும் ஆறு டிகிரிக்கும் நடுவிலேயே இருந்தது. அவன் கைகளில் அசியாட்டுவின் ரத்தம் காய்ந்திருந்தது.

"எடுக்க மாட்டேன் சார்," என்றான். "அடுத்த மாற்றல் உத்தரவ என் பேருக்கு எழுதுங்க."

கலிம்பிரா வண்டியை எடுத்தார். வைசனுக்கு உத்தரவு எதுவும் வரவில்லை. ஃபெலிஸ்டாவின் உத்தரவை யாரும் திரும்ப வாங்கவுமில்லை. அவள் இரண்டு பாய், ஒரு பெட்டி, ஐந்து கோழிகளோடு அறுபது கிலோமீட்டர் தள்ளியிருந்த புது நிலையத்தில் போய் இறங்கினாள். அங்கே இருந்தவர்கள் உட்காரச் சொல்லித் தண்ணீர் நீட்டினார்கள். அவள் வாங்கவில்லை.

"தண்ணி அப்புறம் குடிக்கலாம். உங்க ஃபிரிட்ஜ் எங்க இருக்கு?" என்றாள்.