கண் சொன்ன உயரம்

நான் பாலவனத்தத்துக்காரன். ஒரு சிறிய விமான நிறுவனத்தில் துணை விமானியாக இருக்கிறேன். என்னோடு அடிக்கடி பறக்கும் கேப்டன் திருச்சுழிப் பக்கத்துப் பெண். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். வேலையில் அவரை 'மேடம்' என்பேன். தரையில் இருவரும் ஊர்ப் பேச்சுதான்.

ஒரு மழைக்கால மாலை, சென்னையிலிருந்து தெற்கே பயணிகளை ஏற்றி வந்தோம். போய்ச் சேர வேண்டியது கரிசல் காட்டுக்குள் இருக்கும் ஒரு சின்ன விமான நிலையம். நாங்கள் இறங்கி வரும் பக்கம் மைல்கணக்கில் சீமைக்கருவேலம்தான், ஒரு தெருவிளக்குகூடக் கிடையாது. இறங்கும் சரிவு சரியா என்று வெள்ளையும் சிவப்புமாகக் காட்டும் ஓரவிளக்குகளும் அன்று பழுது என்று முன்பே தகவல் வந்திருந்தது. அதனால் கேப்டன் கிளம்பும்போதே சொல்லிவிட்டார். ஒவ்வொரு மைலுக்கும் இருக்க வேண்டிய உயரத்தை நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், குறைந்தால் தயங்காமல் சொல்ல வேண்டும்.

அருப்புக்கோட்டை விளக்குகள் மேகத்துக்குள் மறைந்தபோது இருட்டியிருந்தது. கேப்டன் கையால் ஓட்டிக்கொண்டிருந்தார். இடப்பக்கம் ஒரு நீண்ட திருப்பம். அது முடிந்து இறக்கைகளை நேராக்கியதும் தணிந்த குரலில் சொன்னார்.

"வலதுபக்கம் சாஞ்சிருக்க மாதிரி இருக்கு எனக்கு. உன் பக்கம் என்ன காட்டுது?"

என் பக்கத்துத் திரையையும், அவர் பக்கத்துத் திரையையும், நடுவிலிருந்த மாற்றுக் கருவியையும் பார்த்தேன். மூன்றும் இறக்கைகள் நேர் என்றே காட்டின. சொன்னேன். "சரி" என்றார். அதன்பின் கண்ணைத் திரையிலிருந்து எடுக்கவில்லை. உடம்பு மட்டும் லேசாக இடப்புறம் சாய்ந்திருந்தது. கைகள் ஆடவில்லை.

திருப்பம் ஒரே சீராக நீண்டால், காதுக்குள் அசைவை உணர்த்தும் திரவம் அடங்கிப்போகும். திரும்பிக்கொண்டிருப்பதே தெரியாது. நேரானதும் அது எதிர்ப்பக்கம் அசைவதால், மறுபுறம் சாய்கிறோம் என்று மூளை நம்பிவிடும். வெளியே அடிவானம் தெரிந்தால் கண் அதைத் திருத்திவிடும். மேகத்துக்குள் திருத்த கருவிகளைத் தவிர ஆளில்லை. இதெல்லாம் நானும் படித்ததுதான். ஆனால் உடம்பு தன்னை ஏமாற்றுவதை இப்படிப் பக்கத்தில் இருப்பவனிடம் ஒளிக்காமல் சொல்கிற கேப்டன்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

மேகத்தை விட்டு வெளியே வந்தோம். முன்னால் ஓடுபாதையின் இரண்டு விளக்கு வரிசைகள் மட்டும். சுற்றிலும் மையிருட்டு. அந்த விளக்குகள் கீழே வெகு ஆழத்தில் கிடப்பதுபோல் எனக்கே தோன்றியது. ரொம்ப உயரத்தில் வருகிறோமே என்று நினைத்தேன். அவருக்கும் அப்படியே பட்டிருக்கும், விமானத்தின் மூக்கு மெல்லத் தாழ்ந்தது.

ஓடுபாதைக்கு மூன்று மைலில் தொள்ளாயிரம் அடி, சரியாக இருந்தது. இரண்டு மைலில் அறுநூறு இருக்க வேண்டும். உயர மீட்டர் நானூற்றைம்பதைத் தொட்டிருந்தது. கண்ணுக்கு இன்னமும் உயரமாகத்தான் தெரிந்தது.

"நூத்தம்பது அடி தாழ இருக்கோம் மேடம்."

அவர் வெளியே பார்த்து என்னோடு வாதிடவில்லை. "கோ அரௌண்ட்" என்றார், இறங்காமல் மேலே ஏறிச் சுற்றிவந்து மறுபடி இறங்குவது. என்ஜின்கள் உறுமின, மூக்கு உயர்ந்தது.

இங்கேயும் உடம்பு ஏமாற்றும். வேகம் கூடும்போது இருக்கை முதுகைத் தள்ளும். இருட்டில் உள்காது அதை, மூக்கு செங்குத்தாகத் தூக்கிவிட்டது என்று தப்பாகச் சொல்லும். கீழே அமுக்கு என்று உடம்பு முழுதும் கெஞ்சும். அமுக்கினால் தரைதான். கேப்டன் மூக்கின் கோணத்தைத் திரையில் வைத்த இடத்திலேயே பிடித்திருந்தார். உயரமானி மேலே மேலே ஏறியது.

இரண்டாவது முறை வெளியே அதிகம் பார்க்கவேயில்லை. நான் எண்களைச் சொன்னேன், அவர் அதன்படியே இறங்கினார். சக்கரம் தொட்டபோது பின்னாலிருந்து ஒரு குழந்தையின் அழுகை கேட்டது.

இறங்குகிற வழியில், பந்தல்குடிக்குப் போகிற ஒரு பெரியவர் கேப்டனை நிறுத்தினார்.

"எதுக்கும்மா இறங்குன வண்டிய திரும்ப மேல தூக்குனீக?"

மேகம், காற்று என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். அவர் சொல்லவில்லை.

"எங் கண்ணு உசரத்துல வாரோம்னு சொல்லுச்சுய்யா. மீட்டரு தாழ வாரோம்னுச்சு. நான் மீட்டரை நம்புனேன்."

பெரியவர், "அப்ப சரித்தா" என்று சொல்லிவிட்டு, ஊருக்கு இனி பஸ்ஸு இருக்குமா என்று கேட்டார்.

அடுத்த வாரம் விமானிகள் கூடியிருந்த அறையில் கேப்டன் அந்த இறக்கத்தை முழுதாகச் சொன்னார். தன் காது எங்கே ஏமாந்தது, கண் எங்கே ஏமாந்தது என்று வரிசையாக. தாழ இருக்கோம் என்று நான் சொன்னதையும் விடவில்லை. புதிதாகச் சேர்ந்திருந்த ஒருவர், இத்தனை வருடம் பறந்த உங்களுக்குமா என்று கேட்டார்.

"காது எல்லாருக்கும் ஒண்ணுதானே" என்றார்.